எக்ஸ்டென்ஷன் கேட்குற அந்த ஒரு வரி

திருச்சி கே.கே. நகர்ல இருந்து பேசுறேன். பின்னாடி சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, பக்கத்து வீட்ல மாடி கட்டுறாங்க. மைக்கை அலமாரிக்குள்ள வச்சுப் பார்த்தாச்சு, அப்பவும் கேட்குது.

போன வாரம் நிறைய பேர் கேட்டது ஏ.டி.எம் எபிசோடோட ரெண்டாம் பாகம். அது அடுத்த வாரம் வரும். இன்னைக்கு வேற கதை, நம்ம வீட்டுக் கதை.

ஒரு சனிக்கிழமை காலைல பத்தரை மணி. என் சித்தி பையன் கதவைத் தட்டினான். ரெண்டு தெரு தள்ளி வீடு. சென்னைல வேலை, வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்கு வருவான், ஞாயிறு ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல திரும்பிப் போவான். இந்தத் தடவை ரிசர்வேஷன் பண்ண மறந்துட்டான். அதனால தட்கல். ஞாயிறு வண்டிக்கு சனிக்கிழமைதான் திறக்கும். ஏசிக்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொரு மணி. அவனுக்கு ஸ்லீப்பர். கைல அரை மணி நேரம்.

"அண்ணே, உன் லேப்டாப் குடு. ஆபீஸ் லேப்டாப்ல எக்ஸ்டென்ஷன் எதுவும் போட விட மாட்டேங்குறாங்க."

அந்த வார்த்தையை அப்போ நான் காதுல வாங்கல. அவன் கம்பெனி அவங்க மெஷின்ல விட மாட்டேங்குற ஒரு பொருளை என் மெஷின்ல போடப் போறான். நானும் காபி போட உள்ள போயிட்டேன். திரும்பி வந்து பார்த்தா குரோம் வெப் ஸ்டோர்ல "தட்கல் ஆட்டோஃபில்"னு தேடி வச்சிருக்கான். பேரெல்லாம் ஒரே மாதிரி, லோகோவும் ஒரே மாதிரி, எல்லாத்துலயும் ஒரு ரயில் படம். முதல்ல இருந்ததுல "Add to Chrome" அமுக்கிட்டான். நடுவுல ஒரு சின்னப் பெட்டி வந்து நிக்குது. கை அடுத்த பட்டனுக்குப் போகுது.

"டேய், இருடா. அதுல என்ன எழுதியிருக்குன்னு படி."

"எல்லாத்துலயும் இதான்ணே வரும்."

இன்னைக்கு எபிசோடே அந்தப் பெட்டி பத்திதான். எல்லாத்துலயும் ஒண்ணே வராது. மேலோட்டமா பார்த்தா ஒரே மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

அந்தப் பெட்டில மேல எக்ஸ்டென்ஷன் பேரு. கீழ "It can:"னு ஒரு வரி. அதுக்குக் கீழ அது என்னென்ன செய்ய முடியும்னு குரோம் சொல்லும். அவன் தேர்ந்தெடுத்ததுல இருந்த முதல் வரி இது: "Read and change all your data on all websites".

இந்த வாக்கியத்துல ரெண்டு பாதி இருக்கு. முதல் பாதி, என்ன செய்யும்? படிக்கும், மாத்தும். ரெண்டாவது பாதி, எங்க செய்யும்? எல்லா வெப்சைட்லயும். பெரும்பாலானவங்க முதல் பாதியைப் பார்த்துப் பயப்படுவாங்க, இல்ல பழகிப்போய் தாண்டிடுவாங்க. ஆனா முடிவு எடுக்க வேண்டியது ரெண்டாவது பாதியை வச்சுதான். ஏன்னா, ஒரு பக்கத்துல ஏதாவது வேலை செய்யணும்னா எந்த எக்ஸ்டென்ஷனா இருந்தாலும் அந்தப் பக்கத்தைப் படிச்சுதான் ஆகணும், நிரப்பணும்னா மாத்திதான் ஆகணும். அதுல தப்பு இல்ல. கேள்வி என்னன்னா, எந்தப் பக்கத்துல?

தட்கல் ஃபார்ம் நிரப்புற எக்ஸ்டென்ஷனுக்கு எங்க வேலை? ஐ.ஆர்.சி.டி.சி பக்கத்துல. அங்க மட்டும்தான். அதுக்கு எதுக்கு என் ஜிமெயில்? எதுக்கு அப்பாவோட பென்ஷன் வர்ற பேங்க் பக்கம்? என் லேப்டாப்லதான் அப்பாவோட நெட் பேங்கிங், வீட்டு ஈ.பி. பில், தங்கச்சியோட காலேஜ் ஃபீஸ் எல்லாம் நடக்குது. அதே குரோம், அதே புரொஃபைல்.

"சரிண்ணே, அதெல்லாம் எச்.டி.டி.பி.எஸ் தானே, பூட்டு போட்டுத்தானே இருக்கு"ன்னான். நல்ல கேள்வி. இந்த எடத்துலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. அந்தப் பூட்டு, உங்க பிரவுசருக்கும் பேங்க் சர்வருக்கும் நடுவுல போற தகவலை வழில யாரும் படிக்காம இருக்கத்தான். ஆனா எக்ஸ்டென்ஷன் வழில நிக்கல. அது பிரவுசருக்கு உள்ளயே உக்காந்திருக்கு. தபால் உறையைப் பிரிச்சு மேஜைல வச்ச பிறகு பக்கத்துல நின்னு படிக்கிற ஆள் மாதிரி. பக்கம் திறந்து திரையில தெரியுற நேரத்துல பூட்டெல்லாம் கழண்டாச்சு. நீங்க பாஸ்வேர்டு கட்டத்துல டைப் பண்றது உங்களுக்குப் புள்ளி புள்ளியா தெரியும், எக்ஸ்டென்ஷனுக்கு எழுத்தாவே தெரியும். "Login" பட்டனை நீங்க அமுக்குறதுக்கு முன்னாடியே தெரியும். ஓ.டி.பி போனுக்குத்தான் வருது, ஆனா அதையும் நீங்க அந்தப் பக்கத்துலதானே டைப் பண்றீங்க?

"Change"ங்குறது அதை விட மோசம். திரையில நீங்க பார்க்குறதை மாத்தலாம். தேடல் முடிவுல ஒரு லிங்க்கை மாத்தி வைக்கலாம். பொருள் வாங்குற சைட்ல கமிஷன் கோடு சேர்க்கலாம். யு.பி.ஐ க்யூ.ஆர் படத்தையே வேற படமா மாத்தலாம். எல்லா எக்ஸ்டென்ஷனும் இதைச் செய்யுதுன்னு நான் சொல்லல. அந்த ஒரு வரிக்கு "சரி" சொன்னா, இதெல்லாம் செய்யத் தடை இல்லன்னு சொல்றேன்.

அதே நேரம் அதுக்கு எல்லை இல்லாம இல்ல. உங்க கம்ப்யூட்டர்ல இருக்குற மத்த சாஃப்ட்வேரை அது தொட முடியாது. குரோமோட சொந்த செட்டிங்ஸ் பக்கங்கள், வெப் ஸ்டோர் பக்கம், இதுக்குள்ள அது நுழைய முடியாது. இன்காக்னிட்டோ விண்டோல நீங்களா அனுமதிச்சாதான் ஓடும். ஆனா நம்ம வாழ்க்கைல முக்கால்வாசி பிரவுசர் டேப்லதானே இருக்கு.

சரி, மணி 10:40. "Cancel" அமுக்கினான். அடுத்த எக்ஸ்டென்ஷன். இதுல பெட்டி வேற மாதிரி: "Read and change your data on www.irctc.co.in". அவ்வளவுதான், ஒரே வரி.

பார்த்தீங்களா? ரெண்டும் ஒரே வேலையைச் செய்யுறதா சொல்லுது. ஒண்ணு வீட்டு மொத்தச் சாவியையும் கேட்குது. இன்னொண்ணு ஒரு ரூம் சாவியை மட்டும் கேட்குது. இதை எழுதினவர், எழுதும்போதே எந்தப் பக்கத்துல ஓடணும்னு ஒரு ஃபைல்ல குறிச்சிருப்பார். அந்த ஃபைலுக்கு `manifest.json`னு பேரு. அதுல இருந்துதான் குரோம் அந்தப் பெட்டியையே எழுதுது. ஒலியில சொன்னா புரியாதுன்னு இந்தப் பக்கத்துல போட்டிருக்கேன், இப்படித்தான் இருக்கும்:

```json
"content_scripts": [{
  "matches": ["https://www.irctc.co.in/*"],
  "js": ["fill.js"]
}]
```

அந்த `matches` எடத்துல `"<all_urls>"`னு எழுதினா, பெட்டில எல்லா வெப்சைட்டும்னு வரும். அதாவது, ரெண்டுக்கும் வித்தியாசம் ஒரு வரி. சின்னதா எழுதுறதுல எந்தக் கஷ்டமும் இல்ல. சிலர் சோம்பல்ல பெரிசா எழுதுறாங்க. சிலர் வேணும்னே எழுதுறாங்க. வெளில இருந்து பார்க்குற நமக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், அதனால நம்மளும் ஒண்ணாவே நடத்துறது நல்லது.

நடுவுல ஒரு வகையும் உண்டு. "Read and change your data on a number of websites"னு வரும். மூணு சைட்டுக்கு மேல கேட்டா குரோம் பட்டியலைச் சுருக்கி இப்படிக் காட்டும். அதைத் திறந்தா சைட் பேரெல்லாம் தெரியும். தட்கல் எக்ஸ்டென்ஷன் சிலது, பணம் கட்டுற பக்கத்தையும் நானே நிரப்புறேன்னு சொல்லி பேமென்ட் சைட்டுகளைச் சேர்த்திருக்கும். அது பொய் இல்ல, சொன்ன வேலைக்குத் தேவைதான். ஆனா அந்த வேலையையே அதுக்கிட்ட குடுக்கணுமாங்குறது நம்ம முடிவு. நான் குடுக்க மாட்டேன். பணம் கட்டுற எடத்துல என் கை மட்டும்தான் இருக்கணும்.

இன்னொரு வரி, "Read your browsing history". இது வந்தா எல்லாரும் பதறுவாங்க. நிஜத்துல, எந்த டேப்ல என்ன முகவரி திறந்திருக்குன்னு எக்ஸ்டென்ஷன் கேட்டாலே குரோம் இந்த வரியைப் போடும். டேப் அடுக்கி வைக்குற கருவிக்கு அது நியாயம். தட்கலுக்கு நியாயம் இல்ல. வரி ஒண்ணுதான், செய்யுற வேலையைப் பொறுத்து அர்த்தம் மாறும். அதனாலதான் "இந்தெந்த அனுமதி ஆபத்து"ன்னு ஒரு லிஸ்ட் போட்டு ஒட்டி வைக்க முடியல.

திரும்ப நம்ம பையன் கதைக்கு வர்றேன். ரெண்டாவது எக்ஸ்டென்ஷன், ஒரே வரி. "இது ஓகே தானே?"ன்னு "Add extension" அமுக்கிட்டான். நானும் தடுக்கல. மேல ஐகான் வந்தது. அமுக்கினா ஒரு ஃபார்ம் திறக்குது. ஐ.ஆர்.சி.டி.சி யூசர் ஐடி, பாஸ்வேர்டு, பயணி பேரு, வயசு, பெர்த், யு.பி.ஐ ஐடி. எல்லாத்தையும் நிரப்பி "Save" குடுன்னு சொல்லுது.

இங்க நானும் ஒரு நிமிஷம் நின்னுட்டேன். ஏன்னா, இதை அந்தப் பெட்டி சொல்லவே இல்ல. சொல்லவும் செய்யாது. அனுமதிப் பெட்டி பேசுறது, எக்ஸ்டென்ஷன் தானா எதை எடுத்துக்கும்ங்குறதைப் பத்தி. நீங்களா அது கைல குடுக்குறது அதோட கணக்குல வராது. அதோட சொந்த ஃபார்ம்ல நீங்க எழுதின பாஸ்வேர்டு, அதுக்கு நீங்க குடுத்த பாஸ்வேர்டு.

அதை எங்க வச்சுக்கும்? குரோம் அதுக்குன்னு ஒரு சேமிப்பு எடம் குடுத்திருக்கு. அதுக்குப் பெட்டில எந்த வரியும் வராது. அந்தச் சேமிப்பு என்கிரிப்ட் ஆகுறது இல்ல, ரகசியத் தகவலை அதுல வைக்காதீங்கன்னு கூகுளோட டெவலப்பர் ஆவணமே சொல்லுது. அதை வெளிய அனுப்புமா? அனுப்பலாம். "இந்த எக்ஸ்டென்ஷன் இணையத்துல பேசும்"னு ஒரு தனி வரி குரோம்ல கிடையாது. எக்ஸ்டென்ஷன் எழுதினவர் தன்னோட சொந்த சர்வருக்குத் தகவல் அனுப்பணும்னா உங்ககிட்ட தனியா கேட்கணும்னு அவசியமே இல்ல. ஆக, ஒரே வரி கேட்ட நல்ல பிள்ளை எக்ஸ்டென்ஷன் கூட, நீங்க குடுத்த பாஸ்வேர்டை வச்சு என்ன செய்யும்ங்குறது அந்தப் பெட்டியைப் பார்த்துத் தெரிஞ்சுக்க முடியாது. வெப் ஸ்டோர் பக்கத்துல பிரைவசி பத்தி ஒரு பகுதி இருக்கும், தகவலை விக்க மாட்டோம்னு எல்லாம் போட்டிருக்கும். அது டெவலப்பரே தன்னைப் பத்திக் குடுக்குற வாக்குமூலம். படிக்கலாம், ஆனா ஜாமீன் ஆகாது.

"அப்போ பாஸ்வேர்டு கட்டத்தை காலியா விட்டுடு, பேரு வயசு மட்டும் போடு"ன்னேன். அவன் முகத்தைப் பார்க்கணுமே. மணி 10:48.

இப்போ நீங்க கேட்கலாம். வெப் ஸ்டோர்ல கூகுள் பரிசோதிச்சுத்தானே போடுறாங்க, லட்சக்கணக்குல ஆள் பயன்படுத்துற ஒண்ணைப் போட்டா என்ன? அதுக்கு ரெண்டு நிஜக் கதை சொல்றேன்.

"தி கிரேட் சஸ்பெண்டர்"னு ஒரு எக்ஸ்டென்ஷன். நூறு டேப் திறந்து வைக்குற நம்மளை மாதிரி ஆளுங்களுக்காகச் செஞ்சது. பயன்படுத்தாத டேப்பைத் தூங்க வச்சு மெமரியை மிச்சம் பண்ணும். வேலையே எல்லா டேப்லயும்ங்குறதால எல்லா சைட்டுக்கும் அனுமதி வாங்கியிருந்தது, நியாயமாத்தான் வாங்கியிருந்தது. நல்ல மனுஷர் எழுதினது. கோடு எல்லாருக்கும் தெரியுற மாதிரி கிட்ஹப்ல இருந்தது. 20 லட்சத்துக்கு மேல ஆளுங்க. 2020 ஜூன்ல அவர் அதை யாருக்கோ வித்துட்டார். வாங்கினவங்க யாருன்னு வெளிய தெரியல. அந்த வருஷம் அக்டோபர்ல ஒரு புது வெர்ஷன் வெப் ஸ்டோருக்கு வந்தது, ஆனா அந்தக் கோடு கிட்ஹப்ல இல்ல. வெளி சர்வர்ல இருந்து எதையோ இழுத்து ஓட்டுதுன்னு கவனிச்சவங்க சத்தம் போட்டாங்க. 2021 பிப்ரவரில கூகுள் அதை மால்வேர்னு சொல்லி எல்லாரோட பிரவுசர்லயும் முடக்கிடுச்சு. பல பேருக்குத் தூங்கிட்டிருந்த டேப் எல்லாம் போச்சு.

இதுல கவனிக்க வேண்டியது, நீங்க அனுமதி குடுத்தது ஒரு ஆளுக்குன்னு நினைச்சிருப்பீங்க. நிஜத்துல குடுத்தது எக்ஸ்டென்ஷனுக்கு. ஆள் மாறினாலும் அனுமதி மாறாது. ஓனர் மாறிட்டார்னு எந்தப் பெட்டியும் வந்து நிக்காது.

ரெண்டாவது கதை இன்னும் சோகம். சைபர்ஹேவன்னு ஒரு கம்பெனி. கம்பெனித் தகவல் வெளிய கசியாமப் பார்த்துக்குறதுதான் அவங்க தொழில், அதுக்குன்னே ஒரு குரோம் எக்ஸ்டென்ஷன் வச்சிருந்தாங்க. 2024 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். வெப் ஸ்டோர்ல இருந்து வந்த மாதிரியே ஒரு மெயில், உங்க எக்ஸ்டென்ஷன் விதியை மீறுது, எடுத்துடப் போறோம்னு. அங்க வேலை பார்த்தவர் ஒருத்தர் லிங்க்கை அமுக்கினார். கூகுளோட நிஜமான அனுமதிப் பக்கம்தான் திறந்தது. "Privacy Policy Extension"னு ஒரு ஆப் கேட்டதுக்கு "சரி" குடுத்துட்டார். அதை வச்சு, தாக்கினவங்க 24.10.4னு ஒரு கெட்ட வெர்ஷனை ஏத்திட்டாங்க. ஏறத்தாழ 4 லட்சம் பயனர்கள் இருந்த எக்ஸ்டென்ஷன். கம்பெனி கண்டுபிடிச்சு எடுக்குற வரைக்கும், கிறிஸ்துமஸ் அன்னைக்கு பிரவுசர் திறந்து வச்சிருந்தவங்களுக்கு அது தானா இறங்கிச்சு.

இதுலயும் ஒரு அனுமதிப் பெட்டிதான் வில்லன், கவனிச்சீங்களா? அதை அமுக்கினதும் இந்தத் துறையிலேயே இருக்குற ஒருத்தர்.

தானா இறங்கிச்சுன்னு சொன்னேன்ல, அது முக்கியம். எக்ஸ்டென்ஷன் அப்டேட் நம்மளைக் கேட்காது. ஒரே ஒரு விஷயத்துல கேட்கும். புது வெர்ஷன், முன்னாடி கேட்காத பெரிய அனுமதி எதையாவது கேட்டா, குரோம் அந்த எக்ஸ்டென்ஷனை நிறுத்தி வச்சுட்டு, நீங்க மறுபடி சம்மதிச்சாத்தான் ஓட விடும். இது நமக்குக் கிடைக்குற ரெண்டாவது வாய்ப்பு. ஆனா முதல் நாளே "எல்லா வெப்சைட்"னு குடுத்துட்டோம்னா? அதுக்கு மேல கேட்க என்ன இருக்கு? என்ன கோடு வந்தாலும் அமைதியா உள்ள வந்துடும். சின்ன அனுமதி வாங்குறதோட பெரிய லாபமே இதுதான். அந்த ஐ.ஆர்.சி.டி.சி மட்டும் எக்ஸ்டென்ஷன் நாளைக்கு யாருக்காவது வித்து, அவங்க பேங்க் பக்கத்தைப் பார்க்க ஆசைப்பட்டா, நம்மகிட்ட வந்து கேட்டே ஆகணும். அப்போ ஒரு தட்கல் கருவி இதை ஏன் கேட்குதுன்னு நமக்கு உறைக்கும்.

சரி, எல்லா சைட்டும் நிஜமாவே தேவைப்படுற எக்ஸ்டென்ஷனை என்ன பண்றது? விளம்பரம் தடுக்குறது, ஸ்பெல்லிங் திருத்துறது, தமிழ் டைப் பண்றது. எங்க வேணும்னாலும் டைப் பண்ணுவோம்ல, அதனால அது எல்லா எடத்துலயும் இருந்தாகணும். இங்க முதல் கேள்வி, எக்ஸ்டென்ஷன் இல்லாம முடியுமா? தமிழுக்கு முடியும். விண்டோஸ் 10, 11லயே தமிழ் ஃபொனெட்டிக் கீபோர்டு இருக்கு, லாங்குவேஜ் செட்டிங்ஸ்ல சேர்த்தா போதும். முடியாதுன்னா, போட்டுட்டு எடத்தைச் சுருக்கலாம்.

எப்படின்னு சொல்றேன். அட்ரஸ் பார்ல `chrome://extensions`னு அடிங்க. ஒவ்வொரு எக்ஸ்டென்ஷன்லயும் "Details"னு இருக்கும். உள்ள போனா "Site access". எல்லா சைட்டும் கேட்ட எக்ஸ்டென்ஷனா இருந்தா மூணு வழி காட்டும்: "On click", "On specific sites", "On all sites". முதலாவதுல, நீங்க ஐகானை அமுக்குற வரைக்கும் அது அந்தப் பக்கத்தைத் தொடாது. ரெண்டாவதுல, நீங்க எழுதிக் குடுக்குற சைட்ல மட்டும் ஓடும். மூணாவதுதான் பெட்டில நீங்க ஒத்துக்கிட்டது. சில எக்ஸ்டென்ஷன் சுருக்கினா மக்கர் பண்ணும். விளம்பரத் தடுப்பானை "On click"ல வச்சா அதைப் போட்டதுக்கே அர்த்தம் இல்ல. ஆனா டிக்‌ஷனரி, கூப்பன், ஸ்க்ரீன்ஷாட் மாதிரி அப்பப்போ தேவைப்படுறதுக்கு "On click" தாராளம்.

மணி 10:50ன்னு வச்சுக்கோங்க. அந்தப் பக்கத்தை அவனுக்குக் காட்டத் திறந்தேன். திறந்தா, என் லிஸ்ட்ல ஆறு எக்ஸ்டென்ஷன் இருக்கு. அவன் இப்போ போட்டது ஒண்ணு. நாலு எனக்குத் தெரிஞ்சது. ஆறாவது ஒண்ணு, ஸ்க்ரீன்ஷாட் எடுக்குறது. எப்போ போட்டேன்னு ஞாபகமே இல்ல. மூணு வருஷம் இருக்கும். "Details" போனா, "On all sites".

"அண்ணே"ன்னான் பையன். அவ்வளவுதான் சொன்னான். அதுக்கு மேல சொல்ல வேண்டியதும் இல்ல.

ஸ்க்ரீன்ஷாட் எடுக்க எல்லா சைட்டும் தேவையே இல்லங்குறதுதான் வயித்தெரிச்சல். நீங்க ஐகானை அமுக்கும்போது அந்த ஒரு டேப்பை மட்டும், அந்த நேரத்துக்கு மட்டும் பார்க்குற ஒரு அனுமதி குரோம்ல இருக்கு, `activeTab`னு பேரு. அதுக்குப் பெட்டில எச்சரிக்கை வரியே வராது, அவ்வளவு சின்னது. அதை வச்சே திரையைப் படம் பிடிக்கலாம். நான் வச்சிருந்தது மூணு வருஷமா அப்பாவோட பேங்க் பக்கம் வரைக்கும் எல்லாத்துக்கும் உள்ள உக்காந்திருக்கு. ஏதாவது எடுத்ததா? தெரியாது. ஸ்டோர்ல அந்தப் பேரைத் தேடினேன், அந்தப் பக்கமே இல்ல. ஏன் எடுத்தாங்க, டெவலப்பரே எடுத்துட்டாரா, அதுவும் தெரியாது. "Remove" அமுக்கினேன். அன்னைக்குச் சாயங்காலம் அப்பாகிட்ட விஷயத்தைச் சொல்லி, போன்ல இருந்து பாஸ்வேர்டு எல்லாத்தையும் மாத்தினேன். லேப்டாப்ல இருந்து இல்ல, போன்ல இருந்து. மூணு மாச ஸ்டேட்மென்ட்டை வரி வரியா உக்காந்து பார்த்தோம். ஒண்ணும் இல்ல. அப்பா கேட்ட ஒரே கேள்வி, "படம் பிடிக்கிறதுக்கு எதுக்குடா அவனுக்கு என் கணக்கு?"

இதுல இன்னொரு சங்கதி. குரோம்ல ஒரே கூகுள் அக்கவுன்ட்ல சிங்க் போட்டு வச்சிருந்தா, ஒரு மெஷின்ல போட்ட எக்ஸ்டென்ஷன் மத்த மெஷின்லயும் தானா வந்து உக்காந்துக்கும். என் ஆபீஸ் டெஸ்க்டாப்லயும் அது இருந்தது.

சரி, தட்கல் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. 10:53க்கு ஒரு முடிவுக்கு வந்தோம். புதுசா ஒரு குரோம் புரொஃபைல் திறந்தோம். மேல வலது பக்கம் உங்க முகம் இருக்குற வட்டத்தை அமுக்கினா புது புரொஃபைல் சேர்க்கலாம். எக்ஸ்டென்ஷன் ஒரு புரொஃபைல்ல போட்டா அந்தப் புரொஃபைல்ல மட்டும்தான் இருக்கும், பக்கத்துப் புரொஃபைல்ல இருக்குற என் ஜிமெயிலோ பேங்க்கோ அதுக்குத் தெரியாது. அதுல அவன் ஐ.ஆர்.சி.டி.சி லாகின் பண்ணினான். எக்ஸ்டென்ஷனை அங்க போடலாம்னு ஸ்டோர் பக்கம் போறதுக்குள்ள, அவன் அக்கவுன்ட்லயே "Master List"னு ஒண்ணு கண்ணுல பட்டது. பயணி பேரு, வயசு, பெர்த் எல்லாம் முன்னாடியே சேமிச்சு வச்சுக்கிட்டு, டிக்கெட் எடுக்கும்போது ஒரு கிளிக்ல இழுத்துக்குற வசதி. ஐ.ஆர்.சி.டி.சியே குடுக்குறது. எக்ஸ்டென்ஷன் செய்யுறேன்னு சொன்ன வேலைல பெரும்பகுதி இதுதான். அனுமதிப் பெட்டியே கிடையாது.

மீதி வேலையை எந்த எக்ஸ்டென்ஷனும் நேர்மையா செய்ய முடியாது. கேப்சா நீங்கதான் அடிக்கணும். 2025 ஜூலைல இருந்து தட்கலுக்கு ஆதார் சரிபார்த்த அக்கவுன்ட் வேணும், அந்த மாசம் 15ல இருந்து ஆதார் ஓ.டி.பியும் வேணும். அந்த ஓ.டி.பி உங்க போனுக்குத்தான் வரும். அதையும் நானே பார்த்துக்குறேன்னு ஒரு கருவி சொன்னா, அது உங்ககிட்ட கேட்குறது ரயில் டிக்கெட் சம்பந்தப்பட்ட விஷயத்தை இல்ல. தவிர, தானியங்கி மென்பொருள் வச்சு டிக்கெட் எடுக்குற ஐடிகளை ரயில்வே முடக்கிட்டும் வருது. அவசரத்துக்குப் போட்ட கருவியால அக்கவுன்ட்டே போனா அடுத்த பொங்கலுக்கு எப்படி ஊருக்கு வர்றது?

11 மணி. மாஸ்டர் லிஸ்ட்ல பேரை இழுத்தான், கேப்சா அடிச்சான், ஓ.டி.பி போட்டான், பணம் கட்டுற பக்கம் சுத்திக்கிட்டே நின்னுச்சு. வெயிட்டிங் லிஸ்ட் 22. எக்ஸ்டென்ஷன் இருந்தா கிடைச்சிருக்குமான்னு அவன் இன்னும் என்னைப் பார்த்து முறைக்குறான். சொல்ல முடியாது, சத்தியமா.

ஞாயிறு ராத்திரி பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோய் விட்டேன். கே.கே. நகர்ல இருந்து கிட்டத்தான், வண்டில போயிடலாம். கிளாம்பாக்கம் பஸ், ஜன்னல் சீட்டு. ஏறி உக்காந்ததும் போன்ல எதையோ காட்டினான். அவன் வீட்டு லேப்டாப்போட எக்ஸ்டென்ஷன் லிஸ்ட், அவங்க அம்மாவை வீடியோ கால்ல உக்கார வச்சு எடுத்திருக்கான். பதினொண்ணு இருந்தது. "இதுல எதை எடுக்கலாம்ணே?"ன்னான். பஸ் கிளம்பிடுச்சு.